வால்பாறை போய் வந்த பிறகு ஏன் பேச்சு நின்றது?

நண்பர்கள் கூட்டமாகச் சுற்றுலா போய்த் திரும்பினால் இரண்டு மூன்று நாளைக்கு வாட்ஸ்அப் குரூப் ஓயாது. படங்கள் வந்து குவியும், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு நடக்கும், அடுத்து எங்கே போகலாம் என்ற பேச்சும் தொடங்கிவிடும். அந்த இரைச்சலில் இரண்டு பேர் மட்டும் அடங்கிப் போயிருப்பது யார் கண்ணிலும் படாது. புறப்படும் வரை பேச்சு ஓயாத இரண்டு பேர் அவர்கள். இப்போது லிஃப்டில் எதிரெதிரே நிற்க நேர்ந்தால் ஆளுக்கொரு போனைப் பார்க்கிறார்கள். இடையில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்பிக் கோவையில் இறங்குகிறார்கள். அங்கிருந்து வேன் பிடித்து, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை சேர்கிறார்கள். அந்த ஆறு பேரில் ஒருவனும் ஒருத்தியும் அலுவலகத்தில் தினமும் மாலை சேர்ந்து டீ குடிப்பவர்கள். சனிக்கிழமை இரவு மற்றவர்கள் தூங்கப் போன பிறகும் இவர்கள் இருவரும் எஸ்டேட் பங்களாவின் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி வரை பேச்சு. நின்றுபோன தன் நிச்சயதார்த்தத்தைப் பற்றியும் அப்பா வாங்கிய கடனைப் பற்றியும் அவள் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை வழக்கம்போல் டீக்குக் கூப்பிட்டான். “இல்ல, கொஞ்சம் வேலை இருக்கு” என்றாள். செவ்வாயும் அதே பதில். புதன்கிழமை அவன் கூப்பிடவில்லை. வியாழக்கிழமைக்குள் அவன் மனதில் ஒரு முடிவு விழுந்துவிட்டது: அன்றிரவு தான் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், அவளுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது.

இந்த முடிவுக்கு வருவது மிகச் சுலபம். பெரும்பாலும் அது தவறாகவும் இருக்கும்.

முதலில் கண்ணுக்கு நேரே தெரியும் காரணத்தைப் பார்த்துவிடலாம். மூன்று இரவுகள் சரியான தூக்கம் இல்லை. அதில் இரண்டு ரயிலில் கழிந்தவை. தூக்கம் கெட்டால் கண் எரியும், தலை வலிக்கும் என்பதோடு அது நிற்பதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எட்டி பென் சைமனும் மேத்யூ வாக்கரும் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்கள் மற்றவர்களிடமிருந்து வழக்கத்தைவிட அதிக தூரத்தில் நிற்க விரும்பினார்கள். யாராவது கிட்டே வந்தால் ‘போதும், அங்கேயே நில்லுங்கள்’ என்று முன்கூட்டியே நிறுத்தினார்கள். அதனால் திரும்பி வந்த முதல் இரண்டு மூன்று நாட்களின் நடத்தையை வைத்து யாரையும் எடை போடக் கூடாது. அந்த நாட்களில் அவள் மற்ற நால்வரிடமும் அதே அளவு ஒதுங்கியே இருந்தால், அவனைப் பற்றிய செய்தி எதுவும் அதில் இல்லை. வியாழன், வெள்ளி ஆன பிறகும் மற்றவர்களிடம் கலகலப்பாக இருந்துகொண்டு, அவனிடம் மட்டும் வார்த்தை வராமல் போனால்தான் யோசிக்க விஷயம் இருக்கிறது.

அப்படிப்பட்ட நிலையில் முதலில் தேட வேண்டியது, அந்த மூன்று நாளில் இருவருக்கும் இடையே எது மாறியது என்பதை. இங்கே ஒரு கணக்கு உதவும். தினமும் கால் மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் டீ நேரப் பேச்சு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். வெள்ளி இரவு பத்து மணிக்குக் கிளம்பித் திங்கள் விடியற்காலை திரும்பிய பயணத்தில், தூக்கம் போக நாற்பது மணி நேரமாவது அவர்கள் ஒரே இடத்தில் இருந்திருப்பார்கள். டீக்கடைக் கணக்கில் அது ஏழெட்டு மாதம். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வரச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி என்றும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணிக்குக் கிட்டே என்றும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல் என்றும் மதிப்பிட்டது. வாழ்க்கை பல மாதங்களில் பரப்பிக் கொடுப்பதை ஒரு பயணம் ஒரே வாரக்கடைசியில் அடைத்துத் தந்துவிடுகிறது.

நெருக்கம் இப்படி ஒரே மூச்சில் கூடும்போது, அதற்கு ஏற்ற பழக்கவழக்கம் கூடவே வளர்ந்துவிடுவதில்லை. அவளுடைய அப்பாவின் கடன் எவ்வளவு என்று இப்போது அவனுக்குத் தெரியும். ஆனால் திங்கட்கிழமை இருவரும் உட்காருவது பழைய நாற்காலிகளில்தான். ‘மீட்டிங் எத்தனை மணிக்கு?’ என்று பேசிப் பழகிய இடத்தில் அந்தப் புதிய விஷயத்தை வைக்க இடம் இல்லை. அவனைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வருகிறது. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாலும், தன் கதையைத்தான் நினைக்கிறான் என்று அவளுக்குப் படும். இரவு இரண்டு மணிக்கு, குளிரில், வீட்டிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எளிதாக வந்த பேச்சு, பகலில் அலுவலக விளக்கின் கீழ் நினைத்துப் பார்க்கும்போது கூச்சமாக மாறுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அன்றிரவு அவன் நன்றாகக் கேட்டான், ஆனால் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் அப்படி இருந்தான். குறுக்கே தன் கதையை இழுப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பான். ஆனாலும் விடிந்தபோது அவளைப் பற்றி அவனுக்கு நிறையத் தெரியும், அவனைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. சூசன் ஸ்ப்ரெச்சரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதோடு நேராகப் பொருந்துகிறது. முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டார்கள். சில ஜோடிகள் மாறி மாறித் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். சில ஜோடிகளில் முதல் பகுதி முழுவதும் ஒருவரே பேச, மற்றவர் கேட்க மட்டும் செய்தார். மாறி மாறிப் பேசிய ஜோடிகளுக்கிடையே பிடிப்பும் நெருக்கமும் கூடுதலாக இருந்தன. ஒருவர் மட்டும் திறந்து, மற்றவர் மூடியே இருந்தால், திறந்தவருக்குத்தான் பிறகு மனம் உறுத்தும். நம் கதையில் டீக்கு வர மறுப்பவள் அவள் என்பதற்குக் காரணம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவன் எதையாவது தப்பாகச் சொன்னதால் வந்த விலகல் அல்ல, எதுவும் சொல்லாததால் வந்த விலகல்.

மீதி நால்வரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஊர்ப் பயணங்களில் இது பெரிய காரணம். ஆணும் பெண்ணுமாக இருவர் நள்ளிரவு வரை பேசியதை ஒருவர் பார்த்துவிட்டால் போதும். காலை இட்லி சாப்பிடும்போதே ‘அப்படி என்னதான் பேசினீங்க?’ என்று ஆரம்பிக்கும். வேனில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் யாராவது ஒரு காதல் டூயட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அது சிரிப்பு. ஓட்டப்படுகிறவர்களுக்கு, அதுவரை பெயர் வைக்காமல் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றுக்கு வெளியிலிருந்து பெயர் வைக்கப்படுகிறது. திரும்பி வந்த பிறகு டீக்குச் சேர்ந்து போனாலே எல்லோரும் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு அந்த எண்ணம் இரட்டிப்புப் பாரம். பேச்சு அலுவலகத்தைத் தாண்டி வீடு வரை போய்ச் சேரக்கூடும் என்ற கவலையும் அதில் இருக்கிறது.

கிண்டலால் வந்த ஒதுக்கமா என்று கண்டுபிடிப்பது மற்றவற்றைவிடச் சுலபம். நால்வரும் இருக்கும் இடத்தில் அவள் இறுக்கமாகவும், யாரும் இல்லாத இடத்தில் ஓரளவு இயல்பாகவும் இருப்பாள். சாப்பாட்டு மேசையில் அவன் பக்கமே திரும்பாதவள், மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சிரிப்பாள். தன் கதையைச் சொல்லிவிட்டதால் வந்த கூச்சமோ இதற்கு நேர்மாறு. கூட்டத்தில் இருக்கும்போது அவளுக்குப் பாதுகாப்பாக இருக்கும், தனியாக அகப்படும்போதுதான் தவிப்பு. வேலை சம்பந்தமாகப் பேசும்போது வார்த்தைகள் தடையில்லாமல் வரும், பேச்சு அதைத் தாண்டப் போகிறது என்று தெரிந்ததும் சட்டென்று கிளம்பிவிடுவாள்.

கோபம் என்றால் அதற்கு வேறு முகம். கோபத்துக்கு ஒரு பொருள் இருக்கும். அறை வாடகைக் கணக்கு, சேர்ந்து எடுத்த படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட்டது, எல்லோர் முன்னும் சொன்ன ஒரு வார்த்தை என்று ஏதாவது ஒன்று. அந்தப் பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறும். வேலை விஷயத்திலும் பதில் சுருங்கும். கூச்சப்படுகிறவர் வேலையைப் பற்றிக் கேட்டால் முழுப் பதில் சொல்வார், கோபத்தில் இருப்பவர் அதற்கும் ‘ம்’ என்பார். இது எழுதி வைத்த விதி அல்ல. ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ஒப்பிட வேண்டியது அவளுடைய பழைய வழக்கத்தோடு. இயல்பிலேயே குறைவாகப் பேசுகிறவர் குறைவாகப் பேசுவதில் படிக்க ஒன்றும் இல்லை.

இது ஈர்ப்பாக இருக்குமோ என்ற கேள்வியும் வரும். இளைஞர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். இருக்கலாம். ஆனால் பயணத்தில் தோன்றிய ஈர்ப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கனடாவின் வான்கூவர் நகரத்துக்கு அருகே கபிலானோ ஆற்றின் மேல் சுமார் எழுபது மீட்டர் உயரத்தில் ஒரு தொங்குபாலம் ஆடிக்கொண்டிருக்கிறது. டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஆரானும் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தப் பாலத்தைக் கடந்த ஆண்களை ஒரு பெண் நிறுத்தி, சில கேள்விகள் கேட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தார். நம்பரை வாங்கிக்கொண்ட 18 பேரில் 9 பேர் பிறகு அவரை அழைத்தார்கள். உறுதியான, தாழ்வான இன்னொரு பாலத்தில் அதே நம்பரை வாங்கிய 16 பேரில் அழைத்தவர்கள் 2 பேர்தான். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை அந்தப் பெண்ணால் அடித்துக்கொள்வதாக மனம் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சின்னச் சோதனைதான். அதன் மேல் விவாதங்களும் நடந்திருக்கின்றன. ஆனாலும் நாற்பது வளைவு, பனி மூடிய சாலை, யானை வரலாம் என்று டிரைவர் சொன்ன எச்சரிக்கை இவற்றுக்கு நடுவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் வந்த உணர்வை, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்வது இருவருக்கும் நல்லது. அவளும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கலாம். அதற்குச் சில நாள் தனிமை தேவைப்படும்.

இனி அவன் பக்கம் வருவோம். புதன்கிழமை அவன் டீக்குக் கூப்பிடவில்லை அல்லவா? சிக்கல் முற்றுவது அந்த இடத்தில்தான். அவன் கூப்பிடாததற்குக் காரணம், இன்னொரு முறை ‘இல்லை’ என்று கேட்கப் பயம். அவளுக்கு அது தெரியாது. ‘நான் சொன்னதையெல்லாம் கேட்டு இவனுக்கு என் மேல் மதிப்புக் குறைந்துவிட்டது’ என்று அவள் எடுத்துக்கொள்வாள். ஜாக்கி வொராவரும் ரெபேக்கா ராட்னரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சைப் பற்றியதுதான். முதல் அடியை ஏன் எடுத்து வைக்கவில்லை என்று கேட்டால், தன் விஷயத்தில் ‘மறுத்துவிடுவார்களோ என்ற பயம்’ என்று சொல்லும் மனிதர்கள், எதிரில் இருப்பவரும் அதேபோல் சும்மா இருந்தால் ‘அவருக்கு விருப்பம் இல்லை’ என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரே மௌனத்துக்குத் தனக்கு ஒரு காரணம், அடுத்தவருக்கு வேறொரு காரணம். இருவரும் இப்படியே இரண்டு வாரம் ஓட்டினால், முதலில் இல்லாத விலகல் உண்மையிலேயே வந்துவிடும்.

அந்த நேரத்தில் கை தானாகப் போனைத் தேடும். இரவு பதினொரு மணிக்கு, ‘நான் ஏதாவது தப்பா சொல்லியிருந்தா சாரி’ என்று தொடங்கி ஒரு நீளமான மெசேஜ். வேண்டாம். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2005-இல் காட்டிய முடிவு இது: கிண்டலா, நிஜமா என்ற தொனி மின்னஞ்சல் வழியே 78 சதவீதம் சரியாகப் போய்ச் சேரும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகப் பிடித்தது 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும். எழுத்தில் பணிவாகத் தோன்றுவது அவளுக்குக் குற்றச்சாட்டாகப் படலாம். அதைவிட முக்கியம், அந்த மெசேஜுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அன்றிரவு என்ன நடந்தது என்பதை அவள் எழுத்தில் வைத்தாக வேண்டும். கூச்சத்தில் இருப்பவரிடம் அதைக் கேட்பது கொடுமை. பொது நண்பரிடம் ‘என்னன்னு கேட்டுச் சொல்லேன்’ என்று தூது அனுப்புவதும் அதே அளவு கெடுதல், ஏனென்றால் இருவருக்குள் இருந்த விஷயம் மூன்றாவது ஆளிடம் போய்விட்டது என்று அவளுக்கு உறுதியாகிவிடும்.

செய்யக்கூடியது சின்ன வேலைதான். நேரில், பகலில், மற்றவர்கள் கவனிக்காத நேரத்தில், பழைய குரலில் ‘டீக்குப் போலாமா?’ என்று கேட்பது. மறுத்தால் ‘சரி, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சிரித்துவிட்டு நகர்வது. வந்தால் வால்பாறையைப் பற்றி எடுக்காமல் வழக்கமான பேச்சையே பேசுவது. அந்தப் பேச்சுக்கு நடுவே தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றை அவன் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு கவலை, வேலையில் ஒரு பயம், எதுவானாலும் உண்மையானதாக இருந்தால் போதும். அவள் சொன்னதற்கு ஈடாக நிறுத்துப் போட வேண்டியதில்லை. பேச்சு கொஞ்சம் இளகிய பிறகு, பொருத்தம் என்று பட்டால் ஒரே ஒரு வரி: ‘அன்னைக்கு நீ சொன்னது என்னோட இருக்கும், யார்கிட்டயும் போகாது.’ அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவளை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விகளில் பெரியது அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு மூன்று வாரம் கழிந்தும் எதுவும் மாறவில்லை என்றால் ஒரே ஒரு முறை நேராகக் கேட்கலாம். ‘நீ கொஞ்சம் ஒதுங்கி இருக்கிற மாதிரி எனக்குப் படுது. நான் ஏதாவது செஞ்சிருந்தா சொல்லு, இல்லேன்னா விட்டுடறேன்.’ அவள் ‘ஒண்ணும் இல்ல’ என்றால் அதை நம்பிவிட்டு விலக வேண்டும். மறுபடி மறுபடி கேட்பது அவளைக் காவலுக்கு நிறுத்துவது போல ஆகும்.

இவ்வளவும் எதுவும் நடக்காத பயணத்துக்குத்தான் பொருந்தும். அன்றிரவு அவன் காதலைச் சொல்லி அவள் மறுத்திருந்தாலோ, அவளுக்கு விருப்பம் இல்லாமல் நெருங்கி உட்கார்ந்திருந்தாலோ, குடித்துவிட்டு எல்லை மீறிப் பேசியிருந்தாலோ, அவளுடைய விலகலில் புதிர் எதுவும் இல்லை. அது தெளிவான பதில். தனியாக இருக்க நேரும் இடங்களை அவள் கவனமாகத் தவிர்ப்பாள், லிஃப்டில் அவன் மட்டும் இருந்தால் படியேறுவாள், இரவு மெசேஜ்களைத் திறக்கவே மாட்டாள். அங்கே டீக்கு அழைப்பதும் தொந்தரவுதான். தவறு தன்னுடையது என்று தெரிந்தால், சாக்கு எதுவும் சேர்க்காமல் ஒரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு, தூரத்தை அவள் வைத்த இடத்திலேயே விட வேண்டும். அவளாகத் திரும்பி வந்தால் வரட்டும்.

மற்ற நால்வருக்கும் இதில் வேலை இருக்கிறது. அவர்கள் நிறுத்தினாலே பாதிச் சிக்கல் கரையும். குரூப்பில் அந்த இருவரும் சேர்ந்திருக்கும் படத்தைத் தனியாக எடுத்துப் போட்டுச் சிரிப்புப் பொம்மை வைப்பதை நிறுத்தலாம். ஆறு பேரும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம், அங்கே அவர்களை அருகருகே உட்கார வைக்க முயலாமல். ‘உங்களுக்குள்ள என்ன ஆச்சு?’ என்று இருவரில் யாரையும் கேட்காமல் இருக்கலாம். அவர்களில் ஒருவர் தானாக வந்து பேசினால் கேட்டுக்கொள்ளலாம், கேட்டதை அடுத்தவரிடம் கொண்டுபோகாமல்.